முடிவிலியின் விலை 21 ரூபாய்

கைபேசியில் படம்பிடித்த பாடநூல் பக்கத்தில் ஒரு கணக்கு. தலை விழும்வரை நாணயத்தைச் சுண்ட வேண்டும். முதல் முறையே விழுந்தால் 2 ரூபாய், இரண்டாவதில் 4, மூன்றாவதில் 8. ஆட என்ன கட்டணம் தரலாம்?

டேனியல் பெர்னூலி 1738-இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழக வெளியீட்டில் அலசிய புதிர் இது. 2 ரூபாய்க்கு வாய்ப்பு பாதி, 4-க்குக் கால், 8-க்கு அரைக்கால். ஒவ்வொரு படியும் சராசரியில் 1 ரூபாய் சேர்க்கிறது, படிகளுக்கோ முடிவில்லை. அதனால் எதிர்பார்ப்பு மதிப்பு முடிவிலி.

ஆனால் நான்கில் மூன்று ஆட்டங்களில் 4 ரூபாய்க்கு மேல் தேறாது. சராசரியை ஏற்றுபவை அபூர்வமான பெரும் பரிசுகள். அவற்றைக் கொடுக்க ஆள் வேண்டுமே!

நடத்துபவரிடம் 10,48,576 ரூபாய்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 20 படிகளுக்கு 20 ரூபாய். அதன்பின் எத்தனை முறை சுண்டினாலும் அதே தொகைதான் என்பதால், மிச்சப் படிகள் அனைத்துக்கும் சேர்த்து 1 ரூபாய். ஆக, சராசரி வரவு 21. அவர் பணத்தை இரட்டித்தாலும் அது 22-தான்.