மைனஸ் அறுபத்தேழு

வைஃபை சிக்னலின் வலிமையை அளக்கும் அலகு டெசிபல் மில்லிவாட். திரையில் dBm என்று தெரியும், பேச்சில் டிபிஎம். ஓர் அறையில் வைஃபை உண்மையிலேயே பயன்படுமா என்று பார்க்க இந்த எண்தான் வேண்டும். போனின் மேல்மூலையில் தெரியும் கோடுகள் போதாது. எத்தனை டிபிஎம் வந்தால் எத்தனை கோடு காட்டுவது என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் கணக்கை வைத்திருக்கிறார். ஒரே மேசையில் கிடக்கும் இரண்டு போன்களில் ஒன்று நான்கு கோடும் மற்றது இரண்டு கோடும் காட்டலாம்.

இந்த அளவுகோலில் ஒரு மில்லிவாட் என்பது பூஜ்யம். அதிலிருந்து பத்து டிபிஎம் இறங்கினால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. மூன்று இறங்கினால் ஏறக்குறைய பாதி. வீட்டு ரவுட்டர் அனுப்புவது பெரும்பாலும் 20 டிபிஎம் அளவில், அதாவது 100 மில்லிவாட். காற்றில் பரவி போனை வந்தடையும்போது அது ஒரு மில்லிவாட்டைவிட மிக மிகக் குறைந்துவிடுவதால்தான் எண்ணுக்கு முன்னால் மைனஸ் வருகிறது. −30 என்றால் ஒரு மில்லிவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. −60 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. −90 என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. மைனஸ் எண் என்பதால் −50 நல்லது, −70 அதைவிட மோசம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

−50க்கு மேலே எண் நின்றால் அது ரவுட்டருக்குப் பக்கத்து இடம். −60 வரை எந்த வேலைக்கும் குறையில்லை. அடுத்து வரும் −67தான் முக்கியமான எல்லை. அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வைஃபை அமைக்கும் பொறியாளர்கள், பேச்சும் வீடியோ அழைப்பும் தடையின்றி நடக்க வேண்டிய இடத்தில் இதற்குக் கீழே இறங்க விடுவதில்லை. −70இல் செய்தி படிக்கலாம், வாட்ஸ்அப் அனுப்பலாம். −75ஐத் தாண்டினால் தடுமாற்றம். −80இல் இணைப்பு இருப்பதாகத் திரை சொல்லும், வேலை நடக்காது.

அந்த எல்லைக்குக் காரணம் இரைச்சல். சிக்னல் எதுவும் இல்லாதபோதும் காற்றிலும் கருவிக்குள்ளும் ஒரு மெல்லிய இரைச்சல் எப்போதும் உண்டு. வீடுகளில் அது −90, −95 பக்கம் இருக்கும். சிக்னல் அதற்கு மேல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ அவ்வளவுதான் தெளிவு. இரைச்சல் −92, சிக்னல் −67 என்றால் இடைவெளி 25 டெசிபல். பேச்சுக்கு இது போதும். இடைவெளி சுருங்கச் சுருங்க, ரவுட்டரும் போனும் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. சிதைந்து போன துணுக்குகளைத் திரும்பத் திரும்ப அனுப்புகின்றன. இணையப் பக்கம் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். பேச்சு பொறுக்காது, குரல் வெட்டி வெட்டி வரும்.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபையை அலசும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டால் எண் நேரடியாகத் தெரியும். மேக் கணினியில் Option விசையை அழுத்தியபடி வைஃபை படத்தைச் சொடுக்கினால் RSSI, Noise இரண்டும் வரும். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தில் இப்படிக் கேட்கலாம்:

```
netsh wlan show interfaces
```

அங்கே Signal என்ற வரியில் வருவது சதவீதம். அதைப் பாதியாக்கி நூறைக் கழித்தால் ஏறக்குறைய டிபிஎம் கிடைக்கும். 66% என்றால் −67. 50% என்றால் −75. பாதி சிக்னல் இருக்கிறதே என்று மனம் சமாதானம் கொள்ளும் இடம், உண்மையில் வீடியோ அழைப்பு அறுந்துபோகும் இடம்.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வாசலில் நின்று ஒருமுறை பார்ப்பது அளவே ஆகாது. படிக்கும் மேசை, கட்டிலின் தலைமாடு என்று மனிதர்கள் உட்காரும், படுக்கும் இடங்களில், வழக்கமாகப் பிடிக்கும் உயரத்தில் போனை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடமாவது பார்க்க வேண்டும். எண் நிலையாக நிற்காது. மூன்று நான்கு டிபிஎம் ஏறி இறங்குவது இயல்பு. அதில் அடிக்கடி வரும் தாழ்ந்த எண்ணையே குறித்துக்கொள்வது நல்லது. உடம்பு குறுக்கே வந்தாலே சில டெசிபல் போய்விடும் என்பதால் திரும்பி நின்றும் பார்க்க வேண்டும். கதவைச் சாத்தி அறையைப் பயன்படுத்துவார்கள் என்றால் சாத்தியே அளக்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ரவுட்டர் முன் ஹாலில், டிவிக்குப் பின்னால். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு மீட்டர் தள்ளி −40. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஆறு டெசிபல் குறையும். அதனால் நான்கு மீட்டரில், ஹாலின் மறுமுனையில், −52. படுக்கையறை மேசை எட்டு மீட்டரில் இருக்கிறது. தூரத்துக்காக மட்டும் என்றால் −58 வர வேண்டும். வருவதோ −77. மீதிப் பத்தொன்பது டெசிபலை விழுங்கியவை இரண்டு: ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோ. சுவர் சிக்னலை மெலிய வைக்கிறது. இரும்பு அதைத் திருப்பியே அனுப்பிவிடுகிறது. சுற்றி வளைத்து வருவதுதான் மேசைக்குக் கிடைக்கிறது.

அதே மேசையில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் −66. நீண்ட அலை சுவரைச் சற்று எளிதாகக் கடக்கிறது. நடந்துகொண்டே அளக்கும்போது எண் திடீரென்று மேலே குதித்தால், போன் சத்தமில்லாமல் அலைவரிசையை மாற்றிக்கொண்டது என்று அறியலாம். எந்த அலைவரிசையில் அளந்தது என்பதையும் எண்ணோடு எழுதி வைக்காவிட்டால் ஒப்பிட முடியாது.

இந்த வீட்டில் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. ரவுட்டரை டிவியின் பின்னாலிருந்து எடுத்து, படுக்கையறை வாசலுக்கு நேராக ஹால் அலமாரியின் மேல்தட்டில் வைத்ததும், சிக்னல் சுவரையும் பீரோவையும் விட்டு வாசல் வழியாக உள்ளே வந்தது. மேசையில் 5 கிகாஹெர்ட்ஸ் −67 ஆனது. பத்து டிபிஎம்தான், ஆற்றல் கணக்கில் பத்து மடங்கு. கதவைச் சாத்தினால் −70. அந்த மேசையில் அழைப்புப் பேசுபவர் கதவைத் திறந்து வைக்க வேண்டும், அல்லது 2.4இல் இருக்க வேண்டும்.

எண் நன்றாக இருந்தும் இணைப்பு மந்தமாவது உண்டு. அடுக்குமாடியில் அண்டை வீட்டு ரவுட்டர்கள் அதே சேனலில் இருந்தால் ஒன்று முடிக்கும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். −50 வந்தாலும் பயனில்லை. இன்னொன்று, டிபிஎம் காட்டுவது ரவுட்டரின் குரல் போனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டுமே. போன் அனுப்பும் ஆற்றல் பெரும்பாலும் ரவுட்டரைவிடக் குறைவு. அதன் குரல் ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை இந்த எண் சொல்லாது. அதை அறிய, சந்தேகமான இடத்தில் மடிக்கணினியை வைத்து ரவுட்டரையே கூப்பிட்டுப் பார்க்கலாம். பல வீடுகளில் அதன் முகவரி இதுதான்:

```
ping 192.168.1.1
```

பதில் ஒவ்வொரு முறையும் சில மில்லிசெகண்டில் வந்தால் அறைக்கும் ரவுட்டருக்கும் இடையே குறையில்லை. கோளாறு வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பில். நேரம் நூறு, இருநூறு என்று தாவினாலோ, இடையிடையே Request timed out என்று வந்தாலோ, டிபிஎம் எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் வைஃபை சரியில்லை.