அடுத்த வெள்ளி என்றைக்கு?

அடுத்த வீடு என்றால் உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியிருக்கும் வீடு. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. 'அடு' என்ற சொல்லுக்கே நெருங்கியிருப்பது என்றுதான் பொருள். ஆனால் 'அடுத்த வெள்ளிக்கிழமை' என்று சொல்லிப் பாருங்கள்! இன்று செவ்வாய்க்கிழமையாக இருந்தால், மூன்றாம் நாள் வருகிற வெள்ளியா, அதைத் தாண்டி வரும் வெள்ளியா? வீட்டிலுள்ள நாலு பேரைக் கேட்டால் இரண்டு பதில் வரும்.

இரண்டு பதிலுமே சரிதான், சகோதரிகளே! ஒருவர் வெள்ளிக்கிழமைகளை எண்ணுகிறார்; அவருக்கு முதலில் வருவதே அடுத்தது. மற்றவர் வாரங்களை எண்ணுகிறார். அவருக்கு அடுத்த வாரத்தில் இருக்கும் வெள்ளிதான் 'அடுத்த வெள்ளி'. இப்படி வாரத்தை எண்ணுகிறவர்கள் இருவர் பேசிக்கொண்டாலும் தகராறு தீர்வதில்லை. வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்பதில் அவர்கள் ஒத்துப்போக வேண்டுமே!

இந்தச் சிக்கலை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டுக்குப் போகவேண்டும். முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஊர். வளைகுடா நாடுகளில் ஆண்கள் வேலை பார்க்கும் வீடுகள் அங்கே பல. கணவனுக்கு ஒரு வாரம், மனைவிக்கு ஒரு வாரம் என்று நடக்கும் குடும்பங்கள் அவை.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். 2025 நவம்பர் 2-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சவூதியிலிருந்து கணவர் தொலைபேசியில் பேசுகிறார். மகளுக்கு நிச்சயதார்த்தம் வைக்கவேண்டும்.

"லீவு கிடைச்சிடுச்சு. அடுத்த வெள்ளி ராத்திரி பிளைட்டு" என்கிறார் அவர்.

"அப்படியா! அப்போ சனிக்கிழமை சாயந்திரமே நிச்சயத்தை வச்சிடலாங்க" என்கிறாள் மனைவி.

இரண்டு பேருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இருவரும் பேசியது ஒரே வெள்ளியைப் பற்றியா?

சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு வேலை தொடங்கும் நாள். எனவே அன்று காலையிலேயே அவருக்குப் புது வாரம் பிறந்துவிட்டது. 7-ந் தேதி வருவது 'இந்த வெள்ளி'. 'அடுத்த வெள்ளி' என்றால் 14-ந் தேதி. மனைவிக்கோ அன்று ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். திங்களன்று பள்ளிக்கூடம் திறந்தால்தான் அடுத்த வாரம். அந்த அடுத்த வாரத்து வெள்ளி, 7-ந் தேதி! இருவரும் வாரக் கணக்கில்தான் பேசினார்கள். ஆனாலும் நடுவில் ஏழு நாள் விழுந்துவிட்டது.

இதே பேச்சைப் புதன்கிழமையில் பேசியிருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திராது. அன்று இருவருமே வாரத்தின் நடுவில் இருப்பார்கள். இருவருக்குமே அடுத்த வாரத்து வெள்ளி என்றால் 14-ந் தேதிதான். வாரத்தின் விளிம்பில் இருக்கும் ஞாயிறுதான் இடறி விடுகிறது. ஞாயிறு தலையா, வாலா என்பது பழைய வழக்கு. நாம் கிழமைகளைச் சொல்லும்போது ஞாயிறு, திங்கள் என்று ஞாயிற்றில்தான் தொடங்குகிறோம். அரபு மொழியில் ஞாயிற்றின் பெயரே 'ஒன்று' என்பதிலிருந்து வந்தது. ஆனால் 1988-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரம், வாரத்தின் முதல் நாள் திங்கள் என்கிறது.

'வாரக் கடைசி' என்ற சொல்லும் இப்படித்தான். சவூதியில் முன்பு வியாழனும் வெள்ளியும் விடுமுறை. 2013 ஜூன் மாதக் கடைசியில்தான் அது வெள்ளி, சனி என்று மாறியது. ஐக்கிய அரபு நாட்டு அரசு அலுவலகங்களில் 2022 ஜனவரி முதல் வெள்ளி அரை நாள், சனியும் ஞாயிறும் விடுமுறை. ஆகவே ரியாத்தில் ஒரு மகனும் துபாயில் ஒரு மகனும் உள்ள தாய்க்கு, "வாரக் கடைசியில் பேசுகிறேன் அம்மா" என்று இருவரும் சொன்னால், இரண்டு வேறு நாட்கள் காத்திருக்க வேண்டியதுதான்!

நம் கதைக்குத் திரும்புவோம். 'வெள்ளி ராத்திரி' என்று அவர் சொன்னாரே, அது என்ன? அடுக்களையிலிருந்து மாமியார் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு மூன்றாவது கணக்கு ஒன்று தோன்றும். இஸ்லாமிய வழக்கில் நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. வியாழக்கிழமை மஃரிப் ஆனதுமே வெள்ளி பிறந்துவிடும். பெரியவர்கள் 'வெள்ளி இரவு' என்றால் அது நாம் சொல்லும் வியாழக்கிழமை இரவு. ஆகவே, 6, 7, 13, 14 என்று நாலு ராத்திரிகள் ஒரே வாக்கியத்துக்குள் நுழைந்துவிட்டன!

இதோடு முடியவில்லை. கணவரின் பயணச்சீட்டில் '15 நவம்பர், 00:40' என்று இருக்கிறது. விமானக் கம்பெனிக்கு நாள் மாறுவது நள்ளிரவில். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அறையிலிருந்து கிளம்புகிறவருக்கு அது வெள்ளி ராத்திரி, சீட்டில் சனிக்கிழமை. அவர் திருச்சியில் வந்து இறங்குவது 15-ந் தேதி, சனிக்கிழமை. மனைவியோ 8-ந் தேதிக்கு மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, பிரியாணிக்கும் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும்போது, பெண்ணின் அத்தா இன்னும் சவூதியில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

இதற்கு மருந்தை நம்மவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். தமிழ் முஸ்லிம்களின் அழைப்பிதழ்களில், 'வியாழன் பின்னேரம், வெள்ளி இரவு' என்று இரண்டு கிழமைகளையும் சேர்த்துப் போடும் வழக்கம் உண்டு. எந்தக் கணக்கில் படித்தாலும் ஒரே இரவுதான் கிடைக்கும். பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்தில்தான் நாள் பிறக்கிறது. அதனால், பொழுது விடிவதற்கு முன் உள்ள நேரத்தைக் குறிக்க, 'வியாழக்கிழமை இரவு, விடிந்தால் வெள்ளிக்கிழமை' என்று எழுதுவார்கள். மாலை, நள்ளிரவு, விடியல் என்று நாள் மாறுவதற்கு மூன்று வாசல்கள் இருக்க, எந்த வாசல் என்பதைச் சொல்லிவிடுகிற தந்திரம் இது.

தொலைபேசியிலும் இதையே செய்யலாம். தேதியையும் கிழமையையும் சேர்த்தே சொல்லுங்கள். 'பதினாலாம் தேதி' என்று மட்டும் சொன்னால், காது தவறி 'நாலாம் தேதி' என்று விழக்கூடும். 'பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை' என்றால், தப்பாகக் கேட்டவர் காலண்டரைப் பார்த்ததுமே, "நாலாம் தேதி செவ்வாய் ஆயிற்றே!" என்று விழித்துக்கொள்வார். ஒன்றுக்கு ஒன்று காவல்.

'அடுத்த' என்பதைவிட 'வருகிற' என்ற சொல் சற்று நம்பகமானது. 'வருகிற வெள்ளி' என்றால் பெரும்பாலோர் முதலில் வருவதையே கொள்வார்கள். ஆனால் வெள்ளிக்கிழமையன்றே அதைச் சொன்னால் அதுவும் தடுமாறும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம், "என்றைக்குக் கிளம்புகிறீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்தவேண்டாம். "திருச்சியில் இறங்குவது எந்தத் தேதி, என்ன கிழமை, எத்தனை மணி?" என்று கேளுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பது அந்தப் பதில் வந்த பிறகு இருக்கட்டும்.