உங்களுக்குத் தெரியுமா? ஒரே தாளில் தைராய்டு ஹார்மோன் கோளாறுகள்!

15, 20 பக்கம் நீளும் பேட்டியை ஒரே பக்கத்தில் அடக்க முடியுமா? முடியும் என்று காட்டினார் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் நோவாக். பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் எந்த அளவுக்குப் புரிந்திருக்கிறது என்று அறிய அவர் குழு பேட்டி எடுத்தது. எழுதி எழுதிக் குவிந்த பக்கங்களைப் படித்து மாளவில்லை. அப்போது பிறந்ததுதான் கருத்து வரைபடம். ஆண்டு 1972!

ஹார்மோன் பாடத்தைப் பிடிக்க மருத்துவ மாணவர்களுக்கும் இதே வரைபடம் உதவும். நாம் தைராய்டை எடுத்துக்கொள்வோம். தேவை ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், மூன்றே மூன்று கட்டங்கள்!

மேலே ஹைபோதலாமஸ். நடுவில் பிட்யூட்டரி. கீழே தைராய்டு. முதல் அம்பின் மேல் டி.ஆர்.எச்., இரண்டாவதின் மேல் டி.எஸ்.எச். தைராய்டிலிருந்து கிளம்பும் டி4, டி3 ஹார்மோன்கள் உடம்புக்குப் போகின்றன. போகிற போக்கில் மேலே உள்ள இரண்டு கட்டங்களுக்கும் திரும்பி வந்து, ‘போதும்’ என்று சொல்கின்றன. வெறும் அம்பு போட்டால் அது கருத்து வரைபடம் ஆகாது. ஒவ்வொரு அம்பிலும் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும்: ‘தூண்டுகிறது’ அல்லது ‘அடக்குகிறது’. தூண்டினால் பிளஸ், அடக்கினால் மைனஸ். அவ்வளவே இலக்கணம்!

அந்த முதல் அம்பைக் கண்டுபிடிக்க எத்தனை ஆட்டு மூளை தேவைப்பட்டது தெரியுமா? ரோஜர் கில்லெமின் என்ற விஞ்ஞானி 3,00,000 ஆடுகளின் ஹைபோதலாமஸைச் சேகரித்தார். கிடைத்த டி.ஆர்.எச். வெறும் 1 மில்லிகிராம்! அவருடைய போட்டியாளர் ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளோடு மல்லுக்கட்டினார். 1969-இல் இருவருமே விடையைப் பிடித்துவிட்டார்கள். 1977-இல் இருவருக்குமே நோபல் பரிசு. இத்தனை பாடுபட்டுக் கண்ட அந்தப் பொருளில் இருந்தவை மூன்றே அமினோ அமிலங்கள்!

வரைந்தது சரியா என்று பார்க்க ஒரு அருமையான வழி உண்டு. ஒரு கட்டத்தில் கிளம்பி, அம்புகளின் வழியே சுற்றி, அதே கட்டத்துக்கு வாருங்கள். வழியில் வந்த மைனஸ்களை எண்ணுங்கள். ஒற்றைப்படை வந்தால் அந்தச் சுற்று தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். தைராய்டில் எந்த வழியில் சுற்றினாலும் வருவது ஒரே மைனஸ்!

மைனஸே இல்லாவிட்டால்? ஏறிக்கொண்டே போகும். அப்படி ஒரு சுற்றும் உடம்பில் இருக்கிறது! மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் ஈஸ்ட்ரோஜன் சுமார் 2 நாள் உச்சத்தில் நின்றால், அதுவரை பிட்யூட்டரியை அடக்கிக்கொண்டிருந்த அதே ஈஸ்ட்ரோஜன் தூண்டத் தொடங்கிவிடுகிறது. மைனஸ் பிளஸாக மாறுகிறது. அப்போது பிட்யூட்டரி கொட்டும் ஹார்மோன் வெள்ளத்தில்தான் கருமுட்டை வெளியே வருகிறது!

இனி நோய்கள். பெரும்பாலோர் தைராய்டு கட்டத்துக்குள் ‘ஹைப்போ’, ‘ஹைப்பர்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வரைபடம் வீணாவது இங்கேதான். சங்கிலி எங்கே அறுகிறதோ அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் பக்கத்தில் நோயின் பெயர். பிறகு அம்புகளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்!

புள்ளியைத் தைராய்டில் வையுங்கள். டி4 குறையும். ‘போதும்’ என்ற குரல் தேயும். பிட்யூட்டரி டி.எஸ்.எச்-ஐக் கொட்டும். டி4 கீழே, டி.எஸ்.எச். மேலே. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த நோய் இந்தப் புள்ளியில்தான் உட்கார்ந்திருக்கிறது!

எவ்வளவு கொட்டும்? டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். 2 மடங்காகும் என்று நினைத்தீர்களா? சுமார் 100 மடங்கு வரை எகிறும்! லேப்காரர் டி.எஸ்.எச்-ஐ முதலில் பார்ப்பது இதனால்தான். டி4-இல் கண்ணுக்குத் தெரியாத சரிவுகூட இங்கே பூதாகரமாகத் தெரிந்துவிடும்!

அயோடின் கிடைக்காவிட்டாலும் இதே நடை. டி4 குறைகிறது, டி.எஸ்.எச். விடாமல் தூண்டுகிறது, தூண்டப்பட்ட தைராய்டு வீங்குகிறது. அதுதான் கழுத்துக் கழலை! இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி.ராமலிங்கசுவாமி குழு ஆய்வு தொடங்கியது. அயோடின் கலந்த உப்பு கொடுத்த பகுதிகளில் கழலை குறைந்தது. சாதா உப்பு தின்ற பகுதியில் குறையவில்லை. ஒரு சிட்டிகை உப்பு மொத்தச் சுற்றையும் நேராக்கிவிட்டது!

கிரேவ்ஸ் நோயை எங்கே வரைவீர்கள்? வரைபடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது! மூன்று கட்டங்களில் எதிலும் வராது. தாளுக்கு வெளியிலிருந்து ஒரு புதிய அம்பு வந்து தைராய்டில் குத்த வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தயாரித்த ஆன்டிபாடி, டி.எஸ்.எச். உட்காரும் இருக்கையில் ஏறி உட்கார்ந்து தைராய்டை விரட்டுகிறது. டி4 எகிறுகிறது. பாவம் பிட்யூட்டரி, டி.எஸ்.எச்-ஐக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் குறைத்துக்கொள்கிறது. பலனே இல்லை! ஏன்? அந்த ஆன்டிபாடிக்குத் திரும்பிப் போகும் மைனஸ் அம்பே கிடையாது!

அதே இருக்கையில் கர்ப்பிணியின் எச்.சி.ஜி. ஹார்மோனும் கொஞ்சம் ஒட்டும் என்பது தெரியுமா? அதனால் 10-ஆவது வாரம் வாக்கில் பல பெண்களுக்கு டி.எஸ்.எச். இறங்கித் தெரியும். பெரும்பாலும் நோய் அல்ல. எச்.சி.ஜி. குறையக் குறையத் தானே ஏறிவிடும்!

இப்போது அசத்தும் கணக்கு ஒன்று. ஒரு 28 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு. அதன்பிறகு பால் சுரக்கவே இல்லை. மாதவிடாயும் திரும்பவில்லை. எந்நேரமும் சோர்வு, குளிர், தலைசுற்றல். டி.எஸ்.எச். 2.1. இயல்பு அளவு சுமாராக 0.4 முதல் 4.0 வரை. ‘தைராய்டு நார்மல்’ என்று அறிக்கை கைக்கு வருகிறது!

ஃப்ரீ டி4-ஐயும் பார்க்கிறார்கள். 0.5. இயல்பின் கீழ் எல்லையே 0.8. வரைபடத்தை எடுங்கள்! டி4 இவ்வளவு குறைந்தால் டி.எஸ்.எச். எகிறியிருக்க வேண்டும். 2.1-இல் நிற்கிறது. அப்படியானால் இந்த 2.1 நார்மல் இல்லவே இல்லை. சிவப்புப் புள்ளி தைராய்டில் இல்லை, பிட்யூட்டரியில்! ரத்தப்போக்கில் ரத்த ஓட்டம் குன்றி, கர்ப்பத்தில் பெரிதாகியிருந்த பிட்யூட்டரி கருகிப்போனது. 1937-இல் மருத்துவர் ஹெரால்ட் ஷீஹன் விரிவாக எழுதிய நோய்!

இதிலிருந்து ஒரு சூத்திரம். தைராய்டில் பழுது என்றால் டி4-உம் டி.எஸ்.எச்-உம் எதிரெதிர்த் திசையில் போகும். மேலே பழுது என்றால் டி4 விழும்போது டி.எஸ்.எச். எகிறாது. சேர்ந்து இறங்கும், அல்லது ‘நார்மல்’ வேடத்தில் நிற்கும். சில சமயம் லேசாக ஏறியும் நிற்கும், ஏனென்றால் பழுதான பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். எண்ணிக்கையில் இருக்கும், வேலைக்கு உதவாது!

இரண்டுமே சேர்ந்து ஏறினால்? பிட்யூட்டரியில் டி.எஸ்.எச். கொட்டும் கட்டியாக இருக்கலாம். அது மிக மிக அரிது! இல்லையென்றால் 1967-இல் சாமுவேல் ரெஃபெடாஃப் விவரித்த விந்தை. இதில் டி4 கத்துகிறது, பிட்யூட்டரிக்குக் கேட்பதில்லை. சிவப்புப் புள்ளி எந்தச் சுரப்பியிலும் இல்லை, திரும்பி வரும் மைனஸ் அம்பின் மேலேயே இருக்கிறது! சுமார் 40,000 பேரில் ஒருவருக்கு!

இன்னொன்று கேளுங்கள். ஷீஹன் நோயில் பால் வற்றுகிறது. ஆனால் தைராய்டே பழுதான பெண்ணுக்கு, பிரசவமே ஆகாமல் பால் கசியலாம்! இருவருக்கும் குறைந்திருப்பது அதே டி4. ரகசியம் டி.ஆர்.எச்-இல் இருக்கிறது. அது டி.எஸ்.எச்-ஐ மட்டும் தூண்டுவதில்லை, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினையும் தூண்டும். டி4 குறைந்தால் டி.ஆர்.எச். ஏறும், கூடவே புரோலாக்டின் ஏறும். ஷீஹன் நோயிலோ புரோலாக்டின் செய்யும் பிட்யூட்டரியே போய்விட்டது. வரைபடத்தில் ஒரே ஒரு கிளை அம்பு கூடுதலாகப் போட்டவருக்கு இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும்!

அந்த 28 வயதுப் பெண்ணுக்கு உடனே தைராக்சின் மாத்திரை கொடுக்கலாமா? கூடாது! பக்கத்தில் இன்னொரு சுற்றை வரையுங்கள். அதே பிட்யூட்டரி, ஏ.சி.டி.எச்., அட்ரீனல், கார்டிசால். பிட்யூட்டரி போனால் கார்டிசாலும் விழும். தைராக்சின் உள்ளே போனதும் உடம்பு கார்டிசாலை இன்னும் வேகமாகக் கரைக்கும், தேவையையும் கூட்டும். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து! கார்டிசாலைச் சோதித்து, குறைவு என்றால் ஹைட்ரோகார்டிசோன் முதலில், தைராக்சின் பிறகு. இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே வரையும் அந்த ஒற்றைக் கோடுதான் இங்கே உயிர்க்கோடு!

அவருக்கு மாத்திரை அளவு சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது? டி.எஸ்.எச். இனி உதவாது. அனுப்பும் பிட்யூட்டரியே பழுதல்லவா! பார்க்க வேண்டியது டி4-ஐத்தான்!

வரைபடம் போடுவோர் அதிகம் விடுவது கடிகாரத்தை. அம்புக்குக் கீழே காலமும் எழுதுங்கள். ரத்தத்தில் டி4 பாதியாகக் குறையவே சுமார் 7 நாள். டி3-க்கு ஒரு நாள் போதும். மாத்திரை அளவை மாற்றிய மறுவாரமே டி.எஸ்.எச். பார்ப்பது வீண், 6 வாரமாவது பொறுக்க வேண்டும். கிரேவ்ஸ் நோயாளிக்கு இன்னும் நீளம். சிகிச்சையில் டி4 இறங்கிய பிறகும், நெடுநாள் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி எழ மாதக்கணக்காகலாம்!

கடைசியாக ஒரு அம்பு, எந்தச் சுரப்பியையும் தொடாதது! முடி வளர என்று பலர் விழுங்கும் பயோட்டின் மாத்திரை. சில லேப் கருவிகள் பயோட்டினை வைத்தே ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் அது வழிந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாக ஏறும். அச்சு அசலாகக் கிரேவ்ஸ்! ஆனால் ஆளுக்குப் படபடப்பில்லை, எடை குறையவில்லை, கை நடுக்கமில்லை. சிவப்புப் புள்ளியைச் சோதனைக் குழாயின் மேல் வையுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கட்டும். வழக்கமான அளவில் எடுத்தவர் என்றால், அந்தக் ‘கிரேவ்ஸ்’ காணாமல் போக 2, 3 நாளே போதும்!