கப்பல் வராத வாரம்

2024 ஆகஸ்ட் 27 வரை திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரே கவலை: மறுநாள் முதல் தூத்துக்குடி உட்பட நாட்டின் பெருந்துறைமுகங்களில் காலவரையற்ற வேலைநிறுத்தம். அன்று சம்பளப் பேச்சில் உடன்பாடு ஏற்பட்டு, வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. பெட்டிகள் துறைமுகத்துக்குள் போயின. ஆனால் அந்த வாரம் நியூயார்க்குக்குச் சரக்கு அனுப்பியவர்களுக்கு ஆபத்து நீங்கவில்லை, இடம்தான் மாறியது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், 2023 டிசம்பர் முதலே பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. அந்த வழியில் பெட்டி அமெரிக்கா சேர ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். அமெரிக்கக் கிழக்குக்கரைத் துறைமுகத் தொழிலாளர் ஒப்பந்தமோ செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிகிறது.

இந்த நிலையில் சிக்கிய ஒரு பெட்டியின் பயணத்தைத் தொடக்கம் முதல் பார்ப்போம். பெட்டி நான் கற்பனையாக வைத்துக்கொள்வது. அதற்கு நேர்வதெல்லாம் அந்த ஆண்டு பலருக்கும் நேர்ந்த வகைதான். நாற்பதடிக் கண்டெய்னர், உள்ளே சுமார் 900 அட்டைப்பெட்டி டி-ஷர்ட். ஆர்டர் எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. அதாவது கப்பலில் ஏற்றும்வரை ஏற்றுமதியாளர் பொறுப்பு. கப்பலைத் தேர்ந்தெடுப்பதும் கடல் வாடகை கொடுப்பதும் பையர். பணம் எல்.சி. வழியாக வரவேண்டும். அதில் 'செப்டம்பர் 5-க்குள் கப்பலேற்ற வேண்டும்' என்று எழுதியிருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து இப்படிப்பட்ட பெட்டிகள் பெரும்பாலும் ஃபீடர் எனும் சிறிய கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். கண்டெய்னர் கப்பல் சேவை என்பது வாரம் ஒரு கப்பல் என்ற கணக்கு. ஒவ்வொரு வாரமும் குறிப்பிட்ட நாளில் ஒரு கப்பல் வந்தாக வேண்டுமானால், போய்த் திரும்ப எத்தனை வாரம் ஆகிறதோ அத்தனை கப்பல் வேண்டும். ஆப்பிரிக்காவைச் சுற்றினால் போகவர இரண்டு மூன்று வாரம் கூடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு மூன்று கப்பல் கூடுதலாகத் தேவை. கப்பல் கிடைக்காவிட்டாலோ, முன்னால் போனது தாமதமாகித் திரும்பாவிட்டாலோ, ஒரு வாரம் காலியாகிவிடும். இதைத்தான் பிளாங்க் செயிலிங் என்கிறார்கள். சரக்கு குறைந்த மாதங்களில் வாடகை விழாமல் இருக்கவும் கப்பல் நிறுவனங்கள் இதைச் செய்வதுண்டு. சீனப் புத்தாண்டுக்குப் பிறகும், அக்டோபர் முதல் வார விடுமுறையை ஒட்டியும் ஆண்டுதோறும் இதை எதிர்பார்க்கலாம். இன்னொரு வகையும் உண்டு: கப்பல் புறப்படும், ஆனால் நேரத்தை மீட்க ஒரு துறைமுகத்தை மட்டும் தவிர்த்துவிடும். பெட்டிக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு வாரம் கப்பல் இல்லையென்றால் தாமதம் ஒரு வாரம்தானே என்று தோன்றும். அப்படி முடிவதில்லை. அடுத்த வாரக் கப்பலில் அந்த வாரத்துப் பெட்டிகள் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். நம்முடையது தள்ளப்பட்டு, சில நேரம் மறுபடியும் தள்ளப்பட்டு, இரண்டு மூன்று வாரம் யார்டிலேயே கிடக்கும்.

பெட்டி எங்கே தள்ளப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தூத்துக்குடி ஃபீடரில் ஏறிவிட்டால், துறைமுகம் தூத்துக்குடி என்று எல்.சி. சொல்லும் நிலையில், ஃபீடரில் ஏற்றிய தேதியே கப்பலேற்றிய தேதி. பில் ஆஃப் லேடிங் கிடைக்கும், வங்கியில் ஆவணம் கொடுக்கலாம். கொழும்பில் பெரிய கப்பல் வராமல் பெட்டி நின்றாலும் பணம் வந்துவிடும். கொழும்பில் இடமில்லை என்று ஃபீடரே ஏற்ற மறுத்தால்? பெட்டி தூத்துக்குடி யார்டில், சரக்கு தயார், சுங்க அனுமதி தயார். ஆனால் செப்டம்பர் 5 கடந்துவிட்டது. வங்கிக்கு அது ஆவணக் குறை. கப்பல் வராதது யார் தவறு என்று வங்கி கேட்காது. தாளில் உள்ள தேதியை மட்டும் பார்க்கும். அதனால் கெடு தள்ளிவைப்பை 5-ஆம் தேதிக்கு முன்பே பையரிடம் கேட்டு, எல்.சி.யில் திருத்தம் வாங்கிவிட வேண்டும். தேதி போன பிறகு கேட்பவரிடம் விலைக்குறைப்பு கேட்கப்படுவது வழக்கம்.

எஃப்.ஓ.பி. விதியில் பலர் கவனிக்காத பாதுகாப்பு ஒன்று உண்டு. இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி, பையர் அமர்த்திய கப்பல் குறித்த நேரத்தில் வரவில்லையென்றால், ஒப்புக்கொண்ட தேதியிலிருந்து சரக்கின் ஆபத்துப் பொறுப்பு பையருக்குப் போகிறது. இந்த ஒப்பந்தத்துக்குரிய சரக்கு இதுதான் என்று அடையாளம் காட்ட முடிந்தால் போதும். ஆகவே கட்-ஆஃப் நேரத்துக்குள் பெட்டி உள்ளே போனதற்கான கேட் ரசீதும், 'உங்கள் பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளப்பட்டது' என்று கப்பல் நிறுவனமோ ஃபார்வர்டரோ எழுதிய மின்னஞ்சலும் தங்கத்துக்குச் சமம். தொலைபேசியில் சொன்னதை நம்பி இருந்தவர்கள், 'சரக்கு தாமதம், உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புங்கள்' என்று பையர் எழுதும்போது காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். பையரின் சொந்த விதிமுறைப் புத்தகம் இதற்கு எதிராக எழுதப்பட்டு, அதில் நீங்களும் கையெழுத்திட்டிருந்தால், அதுதான் செல்லும். கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. இன்னும் நல்லது. அதில் கப்பல் ஏஜென்டின் கிடங்கில் சரக்கை ஒப்படைத்ததோடு ஏற்றுமதியாளர் கடமை முடிகிறது. பேரம் பேசும்போது கேட்டால் கிடைக்கக்கூடிய இந்த மாற்றத்தை விலையில் ஐந்து காசுக்குப் போராடும் நாம் கேட்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாளாகவே வருத்தம்.

வேறு துறைமுகத்துக்குப் போகலாமே? திருப்பூருக்குக் கொச்சி பக்கம்தான். ஆனால் அந்த முடிவைப் பெட்டி தூத்துக்குடி கேட்டுக்குள் நுழையும் முன் எடுக்க வேண்டும். ஷிப்பிங் பில் தூத்துக்குடியில் போட்டு, ஏற்றுமதி அனுமதியும் வாங்கி, பெட்டி உள்ளே போனபின் அதை வெளியே எடுப்பதென்றால் சுங்கத்தின் தனி அனுமதி, ஆவண ரத்து, மறுபடி லாரி, மறுபடி கையாளும் கட்டணம். இவற்றைக் கடப்பதற்குள் அடுத்த ஃபீடர் வந்துவிடும். எனவே லாரி கிளம்பும் முன் ஒரு வேலை செய்யலாம். புக்கிங்கில் எழுதிய பெரிய கப்பலின் பெயரைக் கப்பல் நடமாட்டம் காட்டும் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பத்து நாளில் கொழும்பு வரவேண்டிய கப்பல் இன்னும் முந்தைய துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறதென்றால், அட்டவணை என்ன சொன்னாலும் அது நேரத்துக்கு வராது. கப்பல் நிறுவனத்தின் அறிவிப்பு வருவதற்குச் சில நாள் முன்பே இது தெரிந்துவிடும்.

நம் பெட்டி ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது அட்லாண்டிக்கில் இருக்கும்போது, அக்டோபர் 1 நள்ளிரவு கடந்ததும் மெய்ன் முதல் டெக்சாஸ் வரை 36 துறைமுகங்களில் வேலை நின்றது. சுமார் 45,000 தொழிலாளர்கள். கூலி உயர்வும், இயந்திரமயம் வேலையைப் பறிக்கக்கூடாது என்பதும் கோரிக்கைகள். அந்தக் கரை முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது 1977-க்குப் பின் அதுவே முதல் முறை. டஜன் கணக்கில் கப்பல்கள் வெளியே காத்து நின்றன.

இப்போது பெட்டியை வேறு பக்கம் திருப்ப முடியுமா? கனடாவின் மான்ட்ரியல் பலருடைய மாற்றுத் திட்டத்தில் இருந்தது. அங்கேயோ செப்டம்பர் 30-இல் இரண்டு கண்டெய்னர் முனையங்களில் மூன்று நாள் வேலைநிறுத்தம்; நவம்பரில் நிர்வாகமே கதவடைப்பு செய்தது. ஒரு கரையில் தகராறு வரும்போது பக்கத்துக் கரையிலும் ஒப்பந்தம் முடிந்திருக்கிறதா என்று பார்க்காத மாற்றுத் திட்டத்தால் பயனில்லை. தவிர, கடலில் இருக்கும் பெட்டியின் சேருமிடத்தை மாற்றக் கப்பல் நிறுவனம் அசல் பில் ஆஃப் லேடிங்கை முழு செட்டாகக் கேட்கும். அது அந்நேரம் ஏதோ ஒரு வங்கியின் கூரியர் பையில் இருக்கும். கொடுத்தாலும், பெட்டி அடுக்கின் அடியில் இருந்தால் இறக்கமாட்டார்கள்.

கப்பல் நிறுவனம் தானாகவே வேறு துறைமுகத்தில் இறக்கிவிடலாம். பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கப் பொடி எழுத்தில் அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. அங்கிருந்து கொண்டுபோகும் செலவும், டெமரேஜும் சரக்குக்காரர் தலையில்தான். அதே நேரம் காப்பீட்டாளருக்கும் உடனே எழுதியாக வேண்டும். வழக்கமான கடல்சரக்குக் காப்பீட்டில், பயணம் வழியில் முடிந்துபோனால் பாதுகாப்பும் முடிகிறது. உடனே தெரிவித்து, கேட்டால் கூடுதல் பிரீமியம் கட்டியும் தொடரலாம். தாமதத்தால் வரும் நட்டத்தைக் காப்பீடு எந்த நிலையிலும் தராது. வேலைநிறுத்தத்துக்கென்று தனியாக வாங்கும் காப்பீடுகூட, வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டவர்களால் சரக்குக்கு நேரும் சேதத்துக்கே. காத்திருந்த நாட்களுக்கு அல்ல.

பெட்டி உண்மையிலேயே சிக்கிவிட்டால், கடைசியாகக் கையில் இருப்பது அளவு பார்த்துச் செலவழிப்பது. விமானத்தில் வாடகை எடைக்கு மட்டுமல்ல, இடத்துக்கும். 60 x 40 x 30 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி எட்டரைக் கிலோதான் இருந்தாலும் 12 கிலோவாகக் கணக்கிடுவார்கள். 900 பெட்டியும் போனால் 10.8 டன் வாடகை, வியாபாரமே போய்விடும். கடையில் அலமாரி நிரம்ப எந்த அளவு, எந்த நிறம் உடனே வேண்டும் என்று பையரிடம் கேட்டு, அடுத்த தயாரிப்பிலிருந்து 100 பெட்டியை மட்டும் அனுப்பினால் 1.2 டன். துபாய் வரை கப்பல், அங்கிருந்து விமானம் என்ற வழியும் 2024-இல் நிறையப் பயன்பட்டது. பாதிச் செலவில் ஏறத்தாழ பாதி நேரம் மிச்சமாகும்.

அமெரிக்க வேலைநிறுத்தம் மூன்றே நாளில், அக்டோபர் 3 இரவு, ஆறாண்டில் சுமார் 62 சதவீதக் கூலி உயர்வு என்ற உடன்பாட்டோடு நின்றது. அந்தத் தொழிலாளர்களுக்கு அது நியாயமான வெற்றி. நம் பக்கத்தில் அந்த மாதக் கடைசி நாள் தீபாவளி. போனஸ் கொடுக்கவேண்டிய முதலாளியின் பணம் கடலில், பேக்கிங் கிரெடிட் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, சனிக்கிழமை சம்பளம் எதிர்பார்க்கும் டெய்லர் வாசலில். பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். ஒரே பையரை நம்பிய சிறு யூனிட் தாங்காது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எல்.சி.யின் கப்பலேற்றும் கெடுவை, சரக்கு தயாராகும் நாளிலிருந்து மூன்று வாரம் தள்ளிக் கேளுங்கள். ஒரே பையரின் சரக்கையும் ஒரே கப்பலில் ஏற்றாமல் இரண்டு வாரமாகப் பிரித்து, பகுதி பகுதியாக அனுப்ப எல்.சி.யில் அனுமதி வாங்குங்கள். சேரும் துறைமுகத்தின் தொழிலாளர் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும் ஆர்டர் தாளில் எழுதி வையுங்கள். அமெரிக்கக் கிழக்குக்கரைக்கு அடுத்த கெடு 2030 செப்டம்பர் 30.