ஸ்ரீ, ௧, ₹: விசைப்பலகையில் தேட வேண்டியிருக்கும் எழுத்துகள்

1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் கிரந்த எழுத்துகளுக்கு மேல் வரிசையிலேயே இடம் உண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி Q தட்டினால் ஸ வரும். W, E, R விசைகளில் முறையே ஷ, ஜ, ஹ. T-யில் க்ஷ, Y-யில் ஸ்ரீ. மெய்க்குப் பின் உயிரைத் தட்டினால் இரண்டும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். 'ஷாஜஹான்' என்று எழுத ஷிஃப்ட்+W, q, ஷிஃப்ட்+E, ஷிஃப்ட்+R, q, i, f என்ற ஏழு தட்டல்கள் போதும். இதில் q என்பது ஆ, i என்பது ன, f என்பது புள்ளி. கைபேசியில் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுவோருக்கு இது இன்னும் எளிது: sri என்று தட்டியதும் ஸ்ரீ பரிந்துரையாக வந்து நிற்கும்.

சிக்கல் இந்த ஸ்ரீயில்தான் இருக்கிறது. திரையில் ஒரே எழுத்தாகத் தெரிந்தாலும் கணிப்பொறிக்குள் அது நான்கு குறியீடுகளின் தொடர்: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. 2005-இல் வெளிவந்த யூனிகோடு 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து புதிதாகச் சேர்ந்தது. அதன்பின் ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்ற தொடரே ஸ்ரீக்கு ஏற்றதென யூனிகோடு கொண்டது. பழைய தொடரும் வழக்கொழியவில்லை. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது.

பள்ளிப் பெயர்ப்பட்டியல் ஒன்றில் 'ஸ்ரீதர்' என்று தேடும்போது, கண்ணெதிரே பெயர் இருந்தும் 'கிடைக்கவில்லை' என்று வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். சோதிக்க எளிய வழி உண்டு. ஸ்ரீக்கு அடுத்துக் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டினால், பெரும்பாலான மென்பொருள்களில் ஈகாரக் குறி மட்டும் நீங்கும். எஞ்சுவது 'ஸ்ர' என்றால் பழைய தொடர். 'ஶ்ர' என்றால் புதியது. பட்டியல் முழுவதையும் ஏதேனும் ஒரு தொடருக்கு மாற்றிவிடுவதே தீர்வு. எதைத் தேர்ந்தாலும் சரி, இரண்டும் கலந்திருக்கக் கூடாது.

தமிழ் எண்களில் வேறு வகைக் குழப்பம். ௧ என்ற எண் க போலவும், ௨ என்பது உ போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் தோன்றும். எண் கிடைக்காதபோது பலர் எழுத்தையே தட்டிவிடுகிறார்கள். அச்சிட்ட தாளில் அது தெரியாமல் போகலாம். ஆனால் கணிப்பொறிக்கு அது எண்ணே அல்ல, தேடினால் அகப்படாது. சரியான எண்ணைப் பெற வேர்டிலும் லிப்ரேஆபிஸிலும் குறியீட்டை ஆங்கிலத்தில் தட்டி, உடனே Alt+X அழுத்தலாம்:

```
0BE7  →  ௧
0BEF  →  ௯
0BE6  →  ௦
0BF0  →  ௰
0BF1  →  ௱
0BF2  →  ௲
```

௨ முதல் ௮ வரை இடையிலுள்ள குறியீடுகளில் வரிசையாக வரும். ஏற்கெனவே உள்ள எழுத்தை அடுத்து Alt+X அழுத்தினால் அதன் குறியீடு தெரியும்: 0B95 என்று வந்தால் அது க, 0BE7 என்று வந்தால்தான் ௧.

எப்படி எழுதுவது என்பதையும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். 1995 என்பது இடமதிப்பு முறையில் ௧௯௯௫. பழைய முறையில் ஆயிரம், ஒன்பது நூறு, ஒன்பது பத்து, ஐந்து என்ற வரிசைப்படி ௲௯௱௯௰௫. கல்வெட்டு, ஓலைச்சுவடிப் படிகளுக்குப் பழைய முறையே பொருந்தும். அங்கே சுழியத்தை நுழைப்பது பிழை. கைபேசியில் இவற்றை அடிக்கடி எழுதுவோர், ஒருமுறை நகலெடுத்து விசைப்பலகையின் சொந்த அகராதியில் குறுக்குச்சொல்லோடு சேமித்துவைக்கலாம்.

ரூபாய்க்கு மூன்று குறிகள் உள்ளன. ௹ என்பது பழைய தமிழ்க் கணக்குகளில் வரும் குறி. ₨ என்பது ரூபாய் என்ற பெயருடைய பல நாட்டு நாணயங்களுக்கும் பொதுவானது. இந்திய அரசு 2010 ஜூலையில் ஏற்றது ₹. அதே ஆண்டிலேயே யூனிகோடிலும் அது இடம்பெற்றது. விண்டோஸில் இந்திய ஆங்கில விசைப்பலகையைத் தேர்ந்துகொண்டால், வலப்பக்க Alt விசையுடன் 4 தட்டியதும் ₹ வரும். கைபேசியில் எண்களும் குறிகளும் உள்ள பக்கத்துக்குப் போய், அங்கிருக்கும் நாணயக் குறியை நீண்டநேரம் அழுத்திப் பிடித்தால் மற்ற நாணயக் குறிகளும் தென்படும். வேர்டில் 20B9 தட்டி Alt+X அழுத்தலாம். அப்போது குறியீட்டுக்கு முன்னால் வேறு எண் ஒட்டியிருந்தால் அதையும் குறியீட்டின் பகுதியாகவே வேர்டு எடுத்துக்கொள்ளும். நடுவே இடைவெளி விட வேண்டும்.

₹ இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் தெரிந்தால் தட்டச்சில் தவறில்லை. அந்த எழுத்துருவில் குறி இல்லை என்று பொருள். எழுத்துருவை மாற்றினால் குறி தெரியும். கட்டத்துக்குப் பதிலாக ` என்ற குறி நின்றால் கதை வேறு. ₹ யூனிகோடில் சேரும் முன் வந்த சில எழுத்துருக்கள் அந்த விசையின் மேல் ரூபாய்க் குறியை வரைந்து வைத்திருந்தன. அத்தகைய கோப்பில் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை; ஒவ்வொரு ` குறியையும் தேடி ₹ என மாற்ற வேண்டும்.