ஒரே காதில் கண்ணாடியும் மெஷினும்

காதுமடலுக்கும் மண்டை எலும்புக்கும் நடுவே உள்ள பள்ளம் மிகக் குறுகலானது. கண்ணாடியின் கால் மட்டும் உட்கார்ந்தால் அங்கே சிக்கல் இல்லை. காதுக்குப் பின்னால் மாட்டும் கேட்கும் மெஷின் பக்கத்தில் வந்து, மாஸ்கின் ரப்பர் வளையமும் அதே இடத்தில் தொங்கி, வெளியிலிருந்து தலைத்துணி எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தினால், மாலைக்குள் காது கன்றிப்போகும். வலி தாங்காதவர்கள் எதையாவது ஒன்றைக் கழற்றிவிடுகிறார்கள். கண்ணாடி இல்லாமல் நடக்க முடியாது என்பதால் மேசை டிராயருக்குள் போவது பெரும்பாலும் காது மெஷின்தான். என் கவலை அதுதான்.

மேலப்பாளையத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். இரண்டு காதிலும் மெஷின், புராகிரஸிவ் லென்ஸ் கண்ணாடி, ஹிஜாப். கணவருக்கு டயாலிசிஸ் நடப்பதால் ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காக மாஸ்க்கும் உண்டு. வலது காதின் பின்புறம் புண்ணாகிவிட்டது. மெஷின் அவ்வப்போது கூவென்று விசிலடித்தது. கண்ணாடி ஒரு பக்கம் தூக்கி நின்றது. நாலு பொருளுக்குக் காதில் இடம் போதவில்லை என்றே அவர் நினைத்திருந்தார். பலமுறை கடைக்குப் போய்ச் சரிசெய்தும் வீட்டுக்கு வந்ததும் பழைய வலிதான். காரணம் எளியது. கடைக்குள் நுழைந்ததும் மெஷினைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவார். கடைக்காரர் வெறும் காதுக்கு அளவு பார்த்து வளைத்துக் கொடுப்பார்.

கண்ணாடியின் எடையைப் பெரும்பாலும் மூக்குதான் தாங்க வேண்டும். காதுக்குப் பின்னால் இறங்கும் வளைவின் வேலை, கண்ணாடி முன்னால் சரியாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. பிரேம் முகத்துக்குக் குறுகலாக இருந்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். நம் தலை நெற்றிப்பொட்டிலிருந்து பின்னோக்கிப் போகப்போக அகலமாகிறது. அதனால் இறுக்கமான கால்கள் பக்கவாட்டில் விரிந்து, கண்ணாடியை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளுதலைக் காதுக்குப் பின்னால் உள்ள வளைவு இழுத்துப் பிடிக்கும். கண்ணாடி நழுவுகிறது என்று சொன்னால், பல கடைகளில் அந்த வளைவை இன்னும் ஆழமாக்கித் தருவார்கள். நழுவுவது நிற்கும், வலி கூடும். விரிக்க வேண்டியது கீல் பக்கத்தில்; அதைச் செய்யாமல் நுனியை வளைப்பது நோயை விட்டுவிட்டு வேறு இடத்துக்கு மருந்து போடுவதாகும்.

தவறு எங்கே என்பதைச் சிவந்த தடம் சொல்லிவிடும். மாலையில் எல்லாவற்றையும் கழற்றியதும் வீட்டில் ஒருவரைக் காதுக்குப் பின்னால் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். காதுக்கு முன்னால், பொட்டுப் பக்கம் தடம் இருந்தால் பிரேம் குறுகல். காதின் உச்சியில் வெட்டினாற்போல் இருந்தால், வளைவு காதைத் தாண்டுவதற்கு முன்பே தொடங்குகிறது, அல்லது மூக்குப் பேடுகள் சுமக்க வேண்டிய எடையைக் காது சுமக்கிறது. கீழே, எலும்பு புடைத்த இடத்தில் இருந்தால் நுனி உள்நோக்கிக் குத்துகிறது.

ஆசிரியைக்கு மூன்று இடத்திலும் தடம் இருந்தது. இந்த முறை மகள் கூடவே போய், மெஷினும் ஹிஜாபும் போட்டபடியே உட்காரவைத்தார். “கழற்றாதீங்க டீச்சரம்மா, எப்பவும் எப்படிப் போடுவீங்களோ அப்படியே இருங்க” என்றார் கடையில் இருந்த இளைஞர். முதலில் மூக்குப் பேடுகளைத் திருத்தி எடையை மூக்குக்கு மாற்றினார். அடுத்து கீல் பக்கத்தில் கால்களை விரித்தார். விரித்த கால் காதுக்குச் சற்று முன்வரை தலையை அழுத்தாமல் போக வேண்டும். பிறகு காலைச் சூடான காற்றில் இளக்கி, பழைய வளைவை நிமிர்த்தி, காதின் உச்சியைத் தாண்டியவுடன் தொடங்கும்படி புதிதாக வளைத்தார். நுனியை எலும்பின் வடிவத்தை ஒட்டி, குத்தாமல் படியவைத்தார். சூடாக்கும்போது மட்டும் கண்ணாடி கையில் இருந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் மெஷின் இருக்கும் காதில்தான் போட்டுப் பார்த்தார். இதை வீட்டில் அடுப்பிலோ வெந்நீரிலோ செய்யக் கூடாது. பிரேம் உடையலாம், லென்ஸின் மேல்பூச்சும் வெடிக்கலாம்.

வளைவைப் பின்னால் தள்ளினால் அதற்குக் கீழே இறங்கும் பகுதி குட்டையாகிவிடும். காலின் உட்புறத்தில் 52-18-135 என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். கடைசி எண்தான் காலின் நீளம், மில்லிமீட்டரில். அவருடையது 135. தடித்த பிளாஸ்டிக் கால் வேறு. அடுத்த முறை 140 நீளத்தில், மெல்லிய உலோகக் கால் உள்ள பிரேமாக எடுக்கச் சொன்னார்கள். மெஷின் போடுபவர்களுக்குப் பிரேமின் அழகைவிடக் காலின் தடிமன்தான் முக்கியம் என்பேன்.

வலது பக்கம் கண்ணாடி தூக்கி நின்றதற்குக் காரணம் கண்ணாடியே அல்ல. காதுக்குள் போகும் அச்சையும் மெஷினையும் இணைக்கும் டியூப் நீளமாக இருந்ததால், மெஷின் காதின் மேல் எழும்பி நின்றது. கண்ணாடிக் கால் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. புராகிரஸிவ் லென்ஸில் படிக்கும் பகுதி குறுகலானது. கண்ணாடி சாய்ந்தால் ஒரு கண்ணுக்கு அந்த இடம் விலகிவிடும். ஆடியாலஜிஸ்ட் டியூபை மாற்றி, சில மில்லிமீட்டர் குறைத்தார். மெஷின் பள்ளத்துக்குள் இறங்கியது. விசிலுக்கும் ஒரு சோதனை உண்டு: கண்ணாடியைக் கழற்றியதும் விசில் நின்றால், கண்ணாடிக் கால் மடலைத் தள்ளி அச்சை நகர்த்துகிறது. கழற்றியும் நிற்காவிட்டால் அச்சு, டியூப், காதழுக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

போடும் வரிசையும் முக்கியம். பலருக்குக் கண்ணாடி முதலில், அதன்பின் மெஷின் என்பது ஒத்துவரும். கழற்றும்போது இரண்டு கையாலும் நேராக முன்னால் இழுக்க வேண்டும்; ஒரு கையால் பக்கவாட்டில் இழுத்தால் மெஷின் தெறித்துவிடும். ஆசிரியை ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளூச் செய்ய எல்லாவற்றையும் கழற்றுபவர். காதை நன்றாகத் துடைத்து, ஈரம் போன பிறகுதான் மெஷினை மாட்டுகிறார். ஹிஜாபைக் காதருகே இறுக்கிச் சுற்றினால் துணி மெஷினின் மைக்கில் உரசிச் சரசரக்கும். பல மடிப்புகள் விழுந்தால் ஒலியும் மங்கும். அங்கே மெல்லிய துணியாக, ஒரே மடிப்பாக, தளர்வாக விடுகிறார். தலைப்பாகை கட்டுபவர்களுக்கும் மப்ளர் சுற்றுபவர்களுக்கும் இதேதான். துணியைக் கலைக்காமல் கண்ணாடியை அடிக்கடி மாட்டிக் கழற்ற வேண்டியவர்கள், வளைவே இல்லாத நேரான கால் உள்ள பிரேமைக் கேட்கலாம். அது தலையின் பக்கங்களைப் பிடித்து நிற்கும். குனிந்தால் நழுவும் என்பது அதன் குறை.

மாஸ்க்கைக் காதிலிருந்து முற்றிலும் விலக்குவதே நல்லது. தலைக்குப் பின்னால் கட்டும் நாடா மாஸ்க் கிடைக்கிறது. வளைய மாஸ்க்தான் இருக்கிறது என்றால், இரண்டு வளையத்தையும் பிடரியில் கொக்கியால் இணைக்கலாம். காதில் மாட்டிய மாஸ்க்கை அவசரமாகக் கழற்றும்போது மெஷின் சேர்ந்து வந்து, விழுந்ததே தெரியாமல் தொலைத்தவர்கள் கொரோனா காலத்தில் நிறைய. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள்.

நீண்ட நாள் அழுத்தினால் காதுக்குப் பின்னால் நடுவில் பிளவுள்ள தடிப்பு ஒன்று வளரும். பார்ப்பதற்குத் தோல் புற்றுநோய்போல் இருந்து பயமுறுத்தும். கண்ணாடியைச் சரிசெய்தால் அது சில வாரங்களில் வற்றிவிடும். சரிசெய்த பிறகும் வற்றாத தடிப்பையோ ஆறாத புண்ணையோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.