பலகை பிளக்காத ஆணி

மெல்லிய பலகையில் ஆணி அடிக்கும்போது காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஆணி ஒழுங்காக இறங்கும்வரை சுத்தியலின் ஒலி கணீரென்று இருக்கும். பாதி இறங்கிய பிறகு ஏதோ ஓர் அடியில் அந்த ஒலி 'பொத்'தென்று மாறும். அதுவரை முரண்டுபிடித்த ஆணி திடீரென்று சுலபமாக உள்ளே போகும். குனிந்து பார்த்தால் ஆணியிலிருந்து பலகையின் நுனிவரை மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருக்கும்.

சமையலறைச் சுவரில் மசாலா டப்பாக்கள் வைப்பதற்கு ஒரு சிறு அலமாரி செய்தபோது எனக்கு இப்படித்தான் ஆனது. உயரம் 450 மி.மீ., அகலம் 300, ஆழம் 100. நான்கு பக்கச் சட்டத்துக்கும் 12 மி.மீ. பைன் பலகை, நடுவே 12 மி.மீ. ப்ளைவுட்டில் இரண்டு தட்டு, முதுகுக்கு 3 மி.மீ. ஹார்ட்போர்டு. கடையில் "ஒன்றரை இன்ச் ஆணி" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்து அடித்தேன். நான்கு மூலைகளில் இரண்டு பிளந்துவிட்டன. பக்கத்துத் தெருவில் மரவேலை செய்யும் பெரியவரிடம் காட்டினேன். பிளவைப் பார்ப்பதற்கு முன்பே ஆணியைக் கையில் வாங்கி விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். "நீளத்தைக் கேட்டீங்க தம்பி, கனத்தைக் கேட்டீங்களா?" என்றார்.

கனத்தைக் கேட்பதில் ஒரு குழப்பம் உண்டு. ஆணிக்கு நீளம் இன்ச்சில், கனம் நம்பரில். அந்த நம்பர் கம்பியின் கேஜ் எண். எண் கூடினால் கம்பி மெலியும். 14 நம்பர் ஆணியின் கனம் சுமார் 2 மி.மீ., 16 நம்பர் 1.6, 18 நம்பர் 1.2. நான் அடித்தது 14 நம்பர். 12 மி.மீ. பலகைக்குள் 2 மி.மீ. கம்பி போவதென்றால், பலகையின் கனத்தில் ஆறில் ஒரு பங்கை ஆணியே அடைத்துக்கொள்கிறது. பலகையின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆணி தடிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அந்தக் கணக்கில் 12 மி.மீ. பலகைக்கு ஏற்றது 18 நம்பர்.

மரம் ஏன் பிளக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மரத்தின் நார்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. ஒரு நாரை நீளவாக்கில் இழுத்து அறுப்பது கடினம். பக்கத்து நாரிலிருந்து அதைப் பிரிப்பதோ மிகச் சுலபம். விறகு பிளக்கிறவர் கட்டையை நிறுத்திவைத்து மேலிருந்து கோடரியைப் போடுவது அதனால்தான். கூர்மையான ஆணிமுனையும் ஒரு சின்ன ஆப்புதான். நார்களை இரு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு போகிறது. பலகையின் நடுவில் அடித்தால், ஒதுக்கப்பட்ட நார்களை முன்னும் பின்னும் உள்ள மரம் பிடித்துக்கொள்ளும். நுனியருகே அடித்தால் பிடிக்க மரம் இல்லை. விரிசல் நுனிவரை ஓடித் திறந்துகொள்ளும். துளை போடாமல் அடிப்பதென்றால், நார் ஓடும் திசையில் நுனியிலிருந்து ஆணியின் கனத்தைப் போலப் பத்து மடங்காவது தள்ளி அடிக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பெட்டி மூலையில் நுனியிலிருந்து தள்ளி அடிக்க இடமே கிடையாது. மேல்பலகையின் கனம் 12 மி.மீ. பக்கப்பலகை வழியாகப் போகும் ஆணி அந்தக் கனத்தின் நடுவில் இறங்க வேண்டுமென்றால், பக்கப்பலகையின் நுனியிலிருந்து 6 மி.மீ. தூரத்தில்தான் அடித்தாக வேண்டும். 18 நம்பர் ஆணிக்கே 12 மி.மீ. தேவை.

இதற்குப் பெரியவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. பக்கப்பலகையை 450க்கு வெட்டாமல் 490க்கு வெட்டுவது. இரு முனையிலும் 20 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். அப்போது ஆணி நுனியிலிருந்து 26 மி.மீ. உள்ளே விழுகிறது. விரிசல் கிளம்பினாலும் ஓடி முடிக்க வழியில்லை. பசை காய்ந்த பிறகு மிச்சத்தை ரம்பத்தால் அறுத்து, இழைப்புளியால் ஒரு தள்ளு தள்ளினால் மூலை சுத்தமாகிவிடும். 20 மி.மீ. மரம் வீணாவது உண்மைதான். மூலை பிளந்தால் பலகையே வீண் என்பதோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

பலகையை ஏற்கெனவே அளவாக வெட்டிவிட்டவர்களுக்குத் துளைதான் வழி. ஆணியின் கனத்தில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமான துளை போதும். 1.2 மி.மீ. ஆணிக்கு 1 மி.மீ. துளை. இவ்வளவு மெல்லிய டிரில் முனை சட்டென்று முறியும். அதே ஆணி ஒன்றின் தலையைக் குறட்டால் வெட்டி, டிரில்லில் மாட்டித் துளைத்துக்கொள்ளலாம். தேக்கு, வேம்பு போன்ற இறுகிய மரங்களில் நுனியருகே துளையில்லாமல் அடிக்கவே கூடாது என்பது என் கருத்து.

பழைய தச்சர்கள் ஆணிமுனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடிப்பார்கள். மழுங்கிய முனை நார்களை ஒதுக்காமல், நசுக்கி அறுத்துக்கொண்டு இறங்கும். அதனால் பிளவு குறையும். ஆனால் பக்கவாட்டில் நெருக்கும் நார்கள்தான் ஆணியைப் பிடித்து நிறுத்துகின்றன. அந்த நெருக்கம் குறைவதால் ஆணியின் பிடியும் கொஞ்சம் தளரும். பசையும் சேர்த்து ஒட்டும் இடத்தில் இது குறையே அல்ல.

நீளத்துக்கு வருவோம். மேலே இருக்கும் பலகையின் கனத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு என்பது பொதுவான கணக்கு. 12 மி.மீ. பலகைக்கு 30 மி.மீ., அதாவது ஒன்றேகால் இன்ச். அதில் 18 மி.மீ. அடுத்த பலகைக்குள் போகிறது. அடுத்த பலகையில் அது இறங்குவது வெட்டுமுகத்தில், அதாவது நார்களின் நுனிகளுக்கு நடுவே. அங்கே ஆணிக்குப் பிடி குறைவு. நேராக அடித்த ஆணி நேராகவே உருவிக்கொண்டு வரும். அதனால் 100 மி.மீ. அகலத்துக்கு மூன்று ஆணி வைத்து, ஓரத்து இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்த்து அடித்தேன். இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்திருப்பதால் பலகை எந்தப் பக்கம் இழுபட்டாலும் ஒன்று தடுக்கும். வாங்கியது தலை சிறுத்த பேனல் பின். தலையை மரமட்டத்துக்குக் கீழே தட்டிவிட்டுப் பட்டி வைத்தால் அடித்த இடமே தெரியாது.

ப்ளைவுட்டின் குணம் வேறு. மெல்லிய மரத்தாள்களை ஒன்றின் நார் இப்படி, அடுத்ததன் நார் அப்படி என்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியதுதான் ப்ளைவுட். ஒரு தாளில் கிளம்பும் விரிசலை அடுத்த தாள் மறித்துவிடும். அதனால் அதன் முகத்தில், ஓரத்திலிருந்து 10 மி.மீ. தள்ளித் தாராளமாக அடிக்கலாம். ஆனால் அதன் விளிம்பு பலவீனமானது. விளிம்பில் அடித்த ஆணி தாள்களுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிரிக்கும். கண்ணுக்கு உடனே தெரியாது. ஆணி இறங்கிய இடத்துக்கு மேல் விரலைத் தடவினால் ஒரு சிறு புடைப்பு தட்டுப்படும். அப்படித் தட்டுப்பட்டால் அந்த ஆணி எடை தாங்காது.

எனவே தட்டுகளைப் பக்கப்பலகை வழியாக ஆணியடித்து மாட்டவில்லை. 12க்கு 20 மி.மீ. ரீப்பர் துண்டுகளைப் பக்கப்பலகையின் உட்புறம் வைத்து, அதன் மேல் தட்டை உட்காரவைத்து, ப்ளைவுட்டின் முகத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு இன்ச் ஆணி அடித்தேன். 12 மி.மீ. தட்டைக் கடந்து 13 மி.மீ. ரீப்பருக்குள் நின்றது.

ரீப்பரைப் பக்கப்பலகையோடு சேர்க்கும்போது மூன்று மடங்குக் கணக்கு உதவாது. 12 மி.மீ. ரீப்பரும் 12 மி.மீ. பலகையும் சேர்ந்தால் மொத்தமே 24 மி.மீ. 36 மி.மீ. ஆணி வெளியே வந்து கையைக் கிழிக்கும். முக்கால் இன்ச்தான் பொருந்தும். அதன் 7 மி.மீ. மட்டுமே பலகைக்குள் போகிறது. அந்தப் பிடியை நம்பி எடை ஏற்ற முடியாது. இங்கே சுமையைத் தாங்குவது மரப்பசை. பசை காயும்வரை இரண்டையும் இறுக்கிப் பிடித்திருக்கும் வேலைதான் ஆணிக்கு. ஒரே ரீப்பரில் இரண்டு ஆணி அடிக்கும்போது ஒன்றைச் சற்று மேலே, ஒன்றைச் சற்றுக் கீழே என்று விலக்கி அடிக்க வேண்டும். இரண்டும் ஒரே நாரில் விழுந்தால், முதல் ஆணி தொடங்கிய பிளவை இரண்டாவது ஆணி முடித்துவைக்கும்.

கடைசியாக முதுகு. பரீட்சைக்குக் கொண்டுபோன அட்டையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வலைத்தடம் பதிந்த சொரசொரப்பு. அதுதான் ஹார்ட்போர்டு. 1920களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற ஊரில் வில்லியம் மேசன் என்பவர், மரத்துண்டுகளை நீராவி அழுத்தத்தில் நாராக வெடிக்கவைத்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்கினார். 'மேசனைட்' என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் மரம்போல நேர்கோட்டில் பிளக்காது. ஆனால் விளிம்பில் பொடிந்து உதிரும். மூலையில் அடித்தால் முக்கோணமாக உடைந்து விழும். ஆணியைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் பலமும் இதற்குக் கிடையாது. ஆணி இதைக் கடந்துபோய் மரத்தில்தான் நிற்க வேண்டும்.

ஆகவே 3 மி.மீ. கனத்துக்கு மூன்று மடங்கு 9 மி.மீ. என்று போட்டால் மரத்துக்குள் 6 மி.மீ.தான் போகும். டப்பா ஒன்று முதுகில் இடித்தாலே கழன்றுவிடும். இங்கும் முக்கால் இன்ச் 18 நம்பர் எடுத்தேன், ஆனால் தட்டைத் தலை உள்ளதாக. தலை சிறுத்த ஆணியாக இருந்தால் ஹார்ட்போர்டு அதன் மேலேறி உருவிக்கொண்டு வந்துவிடும். தலை பலகை மட்டத்தைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் ஓர் அடி போட்டால் தலை மேற்பரப்பைக் கிழித்து உள்ளே புதையும். பிடிப்பதற்கு அங்கே மிஞ்சுவது ஒன்றிரண்டு மி.மீ. அட்டைதான்.

வழவழப்பான முகம் அலமாரிக்குள் தெரியும்படி வைத்து, சொரசொரப்பான பக்கத்திலிருந்து அடித்தேன். ஆணிகள் இறங்குவது பலகையின் நீளவிளிம்பில். அந்த விளிம்பில் நார் நெடுக ஓடுவதால், வரிசையாக அடித்தால் எல்லா ஆணியும் ஒரே நாரில் விழும். எனவே ஒன்றுவிட்டு ஒன்றாக 2 மி.மீ. இப்படியும் அப்படியும் தள்ளி, 100 மி.மீ.க்கு ஒன்றாக அடித்தேன். மூலையிலிருந்து 25 மி.மீ. விட்டே தொடங்கினேன்.

மூலையிலிருந்து தொடங்குவதைவிட ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே ஓர் ஆணி, எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஓர் ஆணி. இரண்டையும் பாதி மட்டும் இறக்கிவிட்டு, எதிர்மூலைகளுக்கு இடையே டேப் வைத்து இரண்டு கோணலையும் அளந்தேன். ஒன்று 3 மி.மீ. நீண்டிருந்தது. நீண்ட மூலைகளைக் கையால் நெருக்கி இரண்டும் சமமானதும் மற்ற ஆணிகளை அடித்தேன். ஹார்ட்போர்டு இறுகியதும் சட்டம் கோணவே முடியாது. பாதியில் நிறுத்திய இரண்டு ஆணிகளையும் அதன் பிறகுதான் முழுதாக இறக்கினேன்.